வாசிச்சாச்சு எண்டு எங்க எழுதியிருக்கு?

ஓகஸ்ட் மாதம் வாசிப்பு வட்டம் ஒன்று முடிந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டு நின்றபோது, மன்னாரிலிருந்து வந்திருந்த ஒரு தங்கச்சி எங்களிடம் கேட்டார்: "அக்கா, நான் அனுப்பின கட்டுரையை வாசிச்சனீங்களோ? சரியில்லையெண்டா சரியில்லை எண்டு ஒரு வரி எழுதியிருக்கலாமே."

எங்கள் மூன்று பேருக்கும் அப்படி ஒரு கட்டுரை வந்ததாகவே ஞாபகம் இல்லை. அவர் தன் போனை எடுத்துக் காட்டினார். மார்ச் 4ஆம் திகதி, எங்கட முகவரிக்கு, இணைப்போடு போயிருக்கிறது. திரும்பி வரவும் இல்லை. ஐந்து மாதம் அந்தப் பிள்ளை காத்திருந்திருக்கிறது.

அன்று இரவே தேடினோம். போனில் அந்த மெயில் இல்லை. லப்டொப்பில் இருந்தது. ஆனால் வாசித்த மெயில்களுக்கு நடுவில், எந்த அடையாளமும் இல்லாமல், மெல்லிய எழுத்தில் கிடந்தது.

"ஆர் வாசிச்சது?"

"நான் பஸ்ஸில வாசிச்சனான். பிறகு ஆறுதலாப் பதில் போடுவமெண்டு வெள்ளியும் போட்டு விட்டனான்."

"அப்ப அந்த வெள்ளி எங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் எடுத்தது. கண்டுபிடித்த பிறகுதான், இவ்வளவு காலமும் நாங்கள் ஒரே மெயில்பெட்டியைப் பாவிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பெட்டிகளைப் பாவித்திருக்கிறோம் என்று விளங்கியது. எங்களைப் போல ஒரு முகவரியை ரெண்டு மூன்று பேர், போனிலும் லப்டொப்பிலும் மாறி மாறித் திறக்கிற ஆட்கள் நிறைய இருப்பீர்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

வெள்ளி காணாமல் போன கதை

எங்கட லப்டொப்பில் தண்டர்பேர்ட் இருக்கிறது. அதில் கணக்கைப் போட்டவர் எப்போதோ POP3 என்று போட்டிருந்தார். போனில் போட்டபோது அது IMAP. இரண்டிலும் மெயில் வந்தது, அனுப்பவும் முடிந்தது. அதனால் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இந்த இரண்டும் மெயில் எடுக்கிற இரண்டு முறைகள். POP3 என்பது தபால்பெட்டியில் இருந்து கடிதங்களை அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போகிற மாதிரி. வீட்டுக்குக் கொண்டுபோன பிறகு எதை வாசித்தீர்கள், எதில் கோடு போட்டீர்கள், எந்தப் பைலில் வைத்தீர்கள் என்று தபால்பெட்டிக்குத் தெரியாது. அந்த முறையில் அதைத் திருப்பிச் சொல்வதற்கு வழியே இல்லை. போல்டர் என்பதும் அதற்கு இல்லை, இன்பொக்ஸ் ஒன்றுதான்.

IMAP அப்படி இல்லை. கடிதம் சேர்வரிலேயே இருக்கும். போனும் லப்டொப்பும் நூலகத்தில் இருந்து வாசிப்பது போல அங்கேயே வாசிக்கும். முக்கியமான விசயம், வாசித்த அடையாளமும் வெள்ளியும் கடிதத்துக்குள்ளே எழுதப்படுவதில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் பக்கத்தில் சேர்வர் ஒரு சின்னக் குறிப்பு வைத்திருக்கிறது. வாசித்தால் `\Seen`, வெள்ளி போட்டால் `\Flagged`, பதில் போட்டால் `\Answered`. அந்தக் குறிப்பை எல்லாக் கருவிகளும் பார்க்கும், எல்லாமே மாற்றும்.

இப்போது எங்கட மெயிலின் பயணத்தைப் பாருங்கள். மார்ச் 4ஆம் திகதி கிளிநொச்சி தாண்டிப் போகிற பஸ்ஸில் ஒருவர் போனில் வாசித்து வெள்ளி போட்டார். சேர்வரில் `\Seen`, `\Flagged` இரண்டும் ஏறிவிட்டன. மார்ச் 7ஆம் திகதி இன்னொருவர் லப்டொப்பைத் திறந்தார். POP3 அந்த மெயிலின் பிரதியை இறக்கியது. வெள்ளி கூட வரவில்லை, அது வரவும் முடியாது. லப்டொப்பில் அது புதுமெயில் மாதிரி, இன்னும் நாற்பது மெயில்களோடு தடித்த எழுத்தில் வந்து நின்றது. அவர் நினைத்தார், "இதெல்லாம் போனில பாத்திருப்பினம்" என்று. எல்லாவற்றையும் ஒரேயடியாக வாசித்ததாகக் குறித்துவிட்டார்.

லப்டொப்பின் கணக்கு அமைப்பில் `Leave messages on server` என்பதற்குக் கீழே `For at most 14 days` என்று இருந்தது. அதாவது இறக்கிய மெயிலை 14 நாள் மட்டும் சேர்வரில் விட்டுவை, பிறகு அழி. மார்ச் 21க்குப் பிறகு லப்டொப்பை முதல்முறை திறந்தபோது அந்த மெயில் சேர்வரில் இருந்து அழிந்தது. போன் சேர்வரைத்தான் பார்க்கிறது. எனவே போனில் இருந்தும் மெயில் போனது, வெள்ளியும் அதோடு போனது.

ஒருவரும் பிழையாக ஒன்றும் செய்யவில்லை. மெயில் தொலையவும் இல்லை. ஆனால் "இதுக்குப் பதில் போடவேணும்" என்ற எங்கட நினைவு மட்டும் அழிந்துபோனது.

இன்னொரு மர்மமும் அப்போதுதான் துலங்கியது. சில நேரம் நாங்கள் ஒருவருமே தொடாத மெயில்கள் போனில் வாசித்ததாகத் தெரியும். ஒருவரை ஒருவர் சந்தேகப்பட்டுச் சண்டையும் பிடித்திருக்கிறோம். சில சேர்வர்கள் POP3 வழியாக ஒரு மெயிலை இறக்கினாலே அதற்கு `\Seen` போட்டுவிடும். எங்கட சேர்வர் அந்த வகை. லப்டொப் பின்னணியில் பத்து நிமிசத்துக்கு ஒருதரம் மெயில் இறக்கிக்கொண்டிருந்தது. "வாசிச்சது" லப்டொப், நாங்கள் இல்லை.

லப்டொப்பை மாற்றினோம்

முதல் வேலை, லப்டொப்பையும் IMAPக்குக் கொண்டுவருவது. தண்டர்பேர்டில் ஏற்கனவே இருக்கிற POP3 கணக்கை அப்படியே IMAPஆக மாற்ற முடியாது. அதே முகவரியைப் புதுக் கணக்காகச் சேர்க்க வேண்டும். செய்கிற ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் பழைய மெயில்கள் இப்போது லப்டொப்பில் மட்டும்தான் இருக்கின்றன.

முதலில் தண்டர்பேர்டை மூடிவிட்டு அதன் புரொபைல் போல்டரை முழுதாக ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்தோம். பிறகு பழைய கணக்கின் `Server Settings`இல், திறந்தவுடன் மெயில் பார்ப்பதையும் பத்து நிமிசத்துக்கு ஒருதரம் பார்ப்பதையும் நிற்பாட்டினோம். 14 நாள் என்ற சரியையும் எடுத்தோம். இதைச் செய்யாவிட்டால், புதுக் கணக்கில் நீங்கள் ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கும்போதே பழைய கணக்கு பின்னால் நின்று அழித்துக்கொண்டிருக்கும். அதற்குப் பிறகுதான் IMAP கணக்கைச் சேர்த்தோம், போர்ட் 993இல்.

அடுத்தது பழைய மெயில்களைச் சேர்வருக்கு ஏற்றுவது. பழைய கணக்கில் தெரிவுசெய்து, புதுக் கணக்கின் போல்டருக்கு `Copy To` கொடுத்தால் போதும். லப்டொப்பில் இருந்த வாசித்த அடையாளமும் வெள்ளியும் கூடவே ஏறும். இதில் மூன்று விசயம் பட்டறிந்தோம். ஒன்று, `Move` கொடுக்காதீர்கள். நடுவில் நெட் அறுந்தால் எது போனது எது நின்றது என்று தெரியாது. இரண்டு, நூறு நூறாக ஏற்றுங்கள். நாங்கள் முதலில் எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டு, போன் டேட்டாவில் பாதியில் நின்றுபோய், திரும்ப விட்டபோது நிறைய மெயில் இரட்டையானது. மூன்று, கடைசி 14 நாள் மெயில்கள் ஏற்கனவே சேர்வரில் இருக்கின்றன. அவற்றை ஏற்றினாலும் இரட்டைதான். அந்தத் திகதிக்கு முந்தியதை மட்டும் ஏற்றுங்கள். தொடங்குவதற்கு முன் சேர்வரில் எவ்வளவு இடம் இருக்கிறது என்றும் பாருங்கள். பெட்டி நிரம்பினால் புதுமெயில் உள்ளே வராது.

அனுப்பினது மூன்று இடத்தில்

IMAPக்கு வந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்தோம். இல்லை. இப்போது போல்டர் பட்டியலில் `Sent`, `Sent Items`, `Sent Messages` என்று மூன்று நின்றன. ஒருவர் லப்டொப்பில் போட்ட பதில் ஒன்றில், ஐபோனில் போட்ட பதில் இன்னொன்றில். ஒரு கட்டுரைக்கு ஒருவர் "போடுறம்" என்றும் மற்றவர் "கொஞ்சம் திருத்தித் தாங்கோ" என்றும் எழுதிய வெட்கக்கேடும் இதனால்தான் நடந்தது.

காரணம் இதுதான். "அனுப்பினது" என்கிற போல்டருக்கு என்ன பெயர் என்று IMAPஇல் தொடக்கத்தில் ஒரு விதி இருக்கவில்லை. அவுட்லுக் ஒரு பெயர் வைத்தது, ஆப்பிள் ஒரு பெயர் வைத்தது. 2011இல்தான் இதற்கு ஒரு தரம் வந்தது. சேர்வர் தன் போல்டர்களில் எது அனுப்பினது, எது குப்பை, எது வரைவு என்று குறியிட்டுச் சொல்லலாம். அந்தக் குறி இருந்தால், அதைக் கேட்கிற செயலிகள் எல்லாம் ஒரே போல்டரில் சேரும். ஆனால் அதற்கு முன்பு உருவான போல்டர்களும், பழைய அமைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிற செயலிகளும் அப்படியே இருக்கும்.

எனவே ஒவ்வொரு கருவியிலும் கையால் சொல்லிக்கொடுத்தோம். தண்டர்பேர்டில் `Copies & Folders`. ஐபோனில் அந்தக் கணக்கின் `Advanced` உள்ளே `Mailbox Behaviors`. ஆண்ட்ரொயிட் போனில் பாவிக்கிற கே-9 மெயிலில் கணக்கு அமைப்பில் `Folders`. மூன்றிலும் `Sent`, `Drafts`, `Trash` என்ற சேர்வர் போல்டர்களையே காட்டினோம். முதலில் மூன்று கருவியிலும் அமைப்பை மாற்றுங்கள், பிறகு வெப்மெயிலில் போய் மற்ற இரண்டு போல்டரிலும் இருப்பதை `Sent`க்கு நகர்த்துங்கள், கடைசியாகத்தான் வெறும் போல்டர்களை அழியுங்கள். நாங்கள் அவசரப்பட்டு முதலே அழித்தோம். அடுத்த பதில் போட்டவுடன் ஐபோன் `Sent Messages`ஐ திரும்ப உருவாக்கி வைத்துவிட்டது.

போனில் உருவாக்கின போல்டர் லப்டொப்பில் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். தண்டர்பேர்ட் தான் "சந்தா" வைத்திருக்கிற போல்டர்களை மட்டும் காட்டும். கணக்கின் பெயரில் வலது கிளிக் செய்து `Subscribe` போய்ச் சரி போட்டால் வரும்.

வாசித்தது வேறு, முடித்தது வேறு

இவ்வளவும் செய்த பிறகு மூன்று கருவியும் ஒரே மாதிரிக் காட்டின. ஒரு கிழமை சந்தோசமாக இருந்தோம். பிறகு ஒரு மெயில் திரும்பவும் தவறப் பார்த்தது. இந்த முறை குற்றம் கருவியில் இல்லை.

ஒருவர் இரவு பதினொரு மணிக்கு நித்திரைத் தூக்கத்தில் திறந்தார். `\Seen` ஏறியது. ஒரு நொடியில் மற்ற இருவரின் போனிலும் தடித்த எழுத்து மெல்லியதானது. அவர்களுக்குத் தகவல் என்ன? "ஆரோ பாத்திட்டினம்." முன்பு கருவிகள் ஒத்துப்போகாததால் தவறவிட்டோம். இப்போது மிகவும் நன்றாக ஒத்துப்போவதால் தவறவிடப் பார்த்தோம்!

இங்கேதான் நாங்கள் சொல்ல வந்த முக்கியமான விசயம் இருக்கிறது. வாசித்த அடையாளம் ஒரு ஆள் வாசித்ததற்கான சாட்சி இல்லை. ஒரு கருவி அந்த மெயிலின் உடலைக் கேட்டது, அவ்வளவுதான். IMAPஇல் ஒரு மெயிலை முழுதாகக் கேட்டாலே சேர்வர் `\Seen` போட்டுவிடும். போடவேண்டாம் என்றால் செயலி "எட்டிப் பார்க்கிறேன்" என்று தனியாகச் சொல்ல வேண்டும், கட்டளையில் வருகிற சொல்லே `PEEK`தான். ஒரு ஆள் பாவிக்கிற பெட்டியில் இது பிரச்சினை இல்லை. மூன்று பேர் பாவிக்கிற பெட்டியில் அந்த ஒரு அடையாளத்தை மூன்று பேரும் பகிர்கிறோம்.

எனவே வேலையின் நிலையை வாசித்த அடையாளத்தில் வைப்பதை நிற்பாட்டினோம். அதைப் போல்டரில் வைத்தோம். இன்பொக்ஸில் இருந்தால் ஒருவரும் பொறுப்பு எடுக்கவில்லை என்று அர்த்தம், தடித்து இருந்தால் என்ன மெலிந்து இருந்தால் என்ன. பொறுப்பு எடுத்தவர் அதை "வாசிப்பில்" என்ற போல்டருக்கு நகர்த்துவார். பதில் போனதும் "பதில் போட்டது" போல்டருக்கு. தமிழ்ப் பெயர் வைத்தாலும் மூன்று கருவியிலும் ஒழுங்காக வருகிறது. வெள்ளிக்கு ஒரே ஒரு அர்த்தம் வைத்தோம்: இந்தக் கிழமைச் சந்திப்பில் கதைக்க வேண்டியது. கதைத்து முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

தண்டர்பேர்டில் `Automatically mark messages as read` என்பதையும் ஐந்து செக்கன் காட்சிக்குப் பிறகு என்று மாற்றினோம். அம்புக்குறியால் பட்டியலில் இறங்கிப் போகும்போது எல்லாம் வாசித்ததாக மாறுவது அதோடு நின்றது.

ஒரு சின்னக் குறை. போன் செயலிகள் பல இன்பொக்ஸை மட்டும்தான் தானாகப் பார்த்துக்கொள்ளும். "வாசிப்பில்" போல்டரில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறதா என்று அதைத் திறந்து கீழே இழுத்தால்தான் தெரியும். தண்டர்பேர்டில் அந்தப் போல்டரின் `Properties`இல் `always check this folder` என்று ஒரு சரி இருக்கிறது, அதைப் போட்டு வையுங்கள்.

எது பொய் சொல்லுது எண்டு பாக்கிறது

இனி எப்போதாவது போனும் லப்டொப்பும் வேறு வேறாகக் காட்டினால் சண்டை பிடிக்க வேண்டாம், மூன்றாவது ஆளைக் கேளுங்கள். வெப்மெயிலைப் பிரவுசரில் திறந்து பாருங்கள். அது சேர்வரில் இருப்பதை அப்படியே காட்டும். லப்டொப்பில் ஒரு மெயிலுக்கு வெள்ளி போடுங்கள். வெப்மெயிலில் வந்தால் லப்டொப் சரி, போன்தான் இன்னும் கேட்கவில்லை. வெப்மெயிலில் வராவிட்டால் லப்டொப் சேர்வருக்குச் சொல்லவே இல்லை.

எங்களில் ஒருவர் இன்னும் ஒரு படி போய், சேர்வரோடு நேரே கதைத்துப் பார்த்தார். மன்னார்த் தங்கச்சிக்கு ஓகஸ்டில் நாங்கள் பதில் போட்ட பிறகு அந்த மெயிலைப் பற்றிக் கேட்டபோது வந்தது இது:

```
a3 FETCH 212 (FLAGS)
* 212 FETCH (FLAGS (\Seen \Answered))
```

அவ்வளவுதான். நாங்கள் ஐந்து மாதம் தேடிய விசயம் சேர்வரில் இரண்டு சொல்.

சேர்வருக்குத் தெரியாத விசயங்களும் உண்டு. தண்டர்பேர்டில் `Local Folders` உள்ளே நகர்த்தின மெயில் அந்த லப்டொப்பில் மட்டும்தான் இருக்கும், போனில் இருந்து அது மறைந்துவிடும். நிற `Tags` சேர்வருக்குப் போனாலும் எங்கட போன்களில் தெரியவில்லை, அதனால் கைவிட்டோம். கவரேஜ் இல்லாத இடத்தில் போனில் செய்கிற மாற்றம் வரிசையில் நின்று, நெட் வந்த பிறகுதான் சேர்வருக்குப் போகும். இடையில் லப்டொப்பில் ஒருவர் "வாசிக்காதது" என்று திருப்பி வைத்திருந்தால், பிந்தி வருகிற போனின் சொல்தான் நிற்கும். பற்றரி சேமிப்பு என்று போன் அந்தச் செயலியை நித்திரையாக்கினால் இந்தக் காத்திருப்பு மணித்தியாலக் கணக்கில் போகும்.

கடைசியாக ஒன்று. IMAP என்பது பாதுகாப்புப் பிரதி இல்லை. போனில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும், அதுதான் அதன் வேலையே. முன்பு POP3 இருந்தபடியால்தான் அந்தக் கட்டுரை லப்டொப்பில் மிஞ்சியது என்பதையும் நாங்கள் மறக்கவில்லை. அதனால் மாதம் ஒருமுறை புரொபைல் போல்டரைப் பென்டிரைவில் எடுக்கிறோம்.

தங்கச்சியிடம் நடந்ததை நடந்தபடியே எழுதி மன்னிப்புக் கேட்டோம். அவர் எழுதினார்: "நான் நினைச்சன் நீங்கள் வாசிச்சுப்போட்டுப் பிடிக்காமல் விட்டிட்டியள் எண்டு." ஐந்து மாதமும் அவர் அப்படித்தான் நினைத்திருந்திருக்கிறார். அவருடைய கட்டுரை இப்போது "வாசிப்பில்" போல்டரில் இருக்கிறது, வெள்ளியோடு. இந்த ஞாயிறு கதைக்கிறோம்.